பொருள்: சப்ளையர் குவாலிட்டி லீட் வேலைக்குப் பரிந்துரைத்ததற்கு நன்றி

அன்புள்ள மாலதி மேடம்,

வணக்கம். நேற்று நீங்கள் போனில் முடிவைச் சொன்னபோது நான் ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டிருந்தேன். பிரஸ் ஓடும் சத்தத்தில் "சரிங்க மேடம், ரொம்ப நன்றி" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வரியோடு இதை விட்டுவிட மனமில்லை. அதனால்தான் இந்த மெயில்.

வேலை கிடைக்கவில்லை என்பதில் வருத்தம் இருக்கிறது. மனதுக்குப் பிடித்த வேலை அது. ஆனால் இந்த ஒன்றரை மாதத்தில் நீங்கள் எனக்காகச் செய்ததை நினைத்தால் நன்றிதான் முதலில் வருகிறது. பொதுவாக ரெஸ்யூமேயை வாங்கி அனுப்புவதோடு கன்சல்டன்ட் வேலை முடிந்துவிடும். நீங்கள் அதை வாசித்தீர்கள். என் ரெஸ்யூமேயில் ஆடிட், டாக்குமென்டேஷன் எல்லாம் முதல் பக்கத்திலும், சப்ளையர் ஆலைக்கே போய்ப் பிரச்சினையைத் தீர்த்த அனுபவம் இரண்டாம் பக்கத்தின் அடியிலும் இருந்தது. "இவர்கள் தேடுவதே இதைத்தான், இதை ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, வரிசையை மாற்றச் சொன்னீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அந்தப் பகுதியிலிருந்துதான் வந்தது. அந்த மாற்றம் இல்லாமல் இரண்டாம் சுற்றுவரை போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இரண்டாம் சுற்றுக்கு முன்பு, குழுவில் வாங்கும் பிரிவிலிருந்தும் ஒருவர் உட்காருவார் என்று சொல்லிவைத்ததும் பெரிய உதவி. தரப் பிரிவு ஆட்களோடு பேசுவது ஒரு மாதிரி, விலையையும் டெலிவரியையும் பார்ப்பவரோடு பேசுவது வேறு மாதிரி. சப்ளையரை மாற்றினால் என்ன செலவு, மாற்றாமல் திருத்தினால் எத்தனை நாள் ஆகும் என்ற கோணத்திலும் யோசித்துவிட்டுப் போனேன். அவர் கேட்டது அதைத்தான்.

நேர்முகம் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். கேள்விகளை அப்படியே எழுதுவது முறையல்ல, அவை அவர்களுடையவை. ஆனால் அவர்கள் எந்த மாதிரி ஆளைத் தேடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் அடுத்த முறை பயன்படும் என்பதால் பொதுவாகச் சொல்கிறேன். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தும் பாகம் லைனில் ஏன் தோற்கிறது என்று துருவிப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். சப்ளையர் அனுப்பும் அறிக்கையில், பாகங்கள் வரம்புக்குள் எவ்வளவு நன்றாக நிற்கின்றன என்று காட்டும் சி.பி.கே. 1.67-க்கு மேல் அழகாக இருக்கும், ஆனால் அசெம்பிளியில் பாகம் உட்காராது. இப்படி ஒரு நிலைமையில் நான் பிராசஸைத் தொடுவதற்கு முன்னால் அளவீட்டைத்தான் பார்ப்பேன் என்று சொன்னேன். அளக்கும் முறையிலிருந்தே வரும் வேறுபாட்டைக் காட்டும் கேஜ் ஆர் அண்ட் ஆர் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா, 30-ஐத் தாண்டுகிறதா? சப்ளையரும் நாமும் ஒரே டேட்டமிலிருந்துதான் அளக்கிறோமா? அதற்குப் பிறகுதான் சி.பி.கே.-யையும் பி.பி.கே.-யையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சி.பி.கே. ஒரே சப்குரூப்புக்குள் இருக்கும் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட், காயிலுக்குக் காயில் வரும் நகர்வெல்லாம் பி.பி.கே.-யில்தான் தெரியும். முதலாவது உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்தால், காலப்போக்கில் பிராசஸ் நகர்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் தரப் பிரிவுத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நல்ல உரையாடல் அது. இந்தத் துறையில் விஷயம் தெரிந்தவரோடு அப்படிப் பேசும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. அதை ஏற்படுத்திக் கொடுத்ததும் நீங்கள்தான்.

நான் எடுபடாததற்கு நீங்கள் கேட்டு வாங்கித் தந்த காரணம் தெளிவாக இருந்தது: ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களில் அனுபவம் நிறைய, புதிய பாகத்தைத் தொடக்கத்திலிருந்து கொண்டுவந்த அனுபவம் குறைவு. தேர்வானவர் ஏ.பி.க்யூ.பி.-யின் முதல் கட்டத்திலிருந்து பி.பி.ஏ.பி. ஒப்புதல்வரை புதிய பாகங்களைத் தானே நடத்தியவர் என்றீர்கள். அடுத்த ஆண்டு புது மாடல் வரப்போகும் இடத்தில் அவரை எடுத்தது சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது. இதை மறுபடி பேசிப் பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. "வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்ற ஒற்றை வரியோடு நின்றிருந்தால் எனக்கு எதுவும் புரிந்திருக்காது. அவர்களை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்து, நேரடியாகச் சொன்னீர்கள். மேடம், பல பேர் இந்த ஒன்றைச் செய்வதில்லை. இதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் காரணத்தை வைத்து இன்று காலை எங்கள் மேலாளரிடம் பேசினேன். வேறு இடத்தில் முயன்றதைப் பற்றிச் சொல்லவில்லை, புதிய பாகங்களில் வேலை செய்ய விரும்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் தொடங்கும் ஒரு பிராக்கெட்டின் சப்ளையர் பக்கத்தை என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சாத்தியக்கூறு ஆய்விலிருந்து ரன் அட் ரேட்வரை முழுவதும் என் பொறுப்பில் வரும். 2024-இல் வந்த ஏ.பி.க்யூ.பி. மூன்றாம் பதிப்பையும், அதிலிருந்து பிரித்துத் தனிக் கையேடாக வெளியிட்ட கன்ட்ரோல் பிளானையும் படிக்க ஆரம்பித்துவிட்டேன். வி.டி.ஏ. 6.3 பிராசஸ் ஆடிட் பயிற்சிக்கும் பெயர் கொடுக்கப் போகிறேன். அது இருந்தால் நல்லது என்று அவர்கள் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் பார்த்தவரை ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் பாகம் தரும் இடங்களில் இதைக் கண்டிப்பாகக் கேட்கிறார்கள்.

இனி எனக்கு ஏற்ற வேலை வந்தால் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளச் சில விவரங்கள். சப்ளையர் தரம், சப்ளையர் மேம்பாடு, புதிய பாகங்களின் தரம் ஆகிய மூன்றும் எனக்குப் பொருந்தும். முழுக்க சிஸ்டம் ஆடிட்டும் ஆவணமும் மட்டுமே உள்ள வேலை வேண்டாம். சம்பளம் கூடுதலாக இருந்தாலும் அதில் நான் நன்றாகச் செய்ய மாட்டேன், அனுப்பினால் உங்கள் பெயருக்கும் நல்லதல்ல. பயணம் எவ்வளவு இருந்தாலும் சரி. ஊர் மாறவும் தயார், ஆனால் என் மனைவியும் வேலையில் இருப்பதால் முடிவு சொல்ல ஒரு வாரம் வேண்டியிருக்கும். நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம்தான், அதில் மாற்றமில்லை. சம்பளம் குறித்து முன்பு சொன்ன எண்ணே இப்போதும். பிராக்கெட் வேலை கையில் வந்திருப்பதால் அடுத்த ஆறேழு மாதம் நானாக எதற்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை. மிகப் பொருத்தமான ஒன்று வந்தால் மட்டும் கூப்பிடுங்கள், கட்டாயம் பேசுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரெஸ்யூமேயை எங்கே அனுப்புவதாக இருந்தாலும் இந்த முறை செய்ததுபோலவே முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரே ரெஸ்யூமே இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே நிறுவனத்துக்குப் போய், யாருக்குக் கட்டணம் என்ற பிரச்சினையில் ஆளையே ஒதுக்கிவிடுவதை என் நண்பர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். என் பக்கத்திலும் அப்படியே நடந்துகொள்வேன். நீங்கள் அனுப்பிய நிறுவனத்தைப் பற்றி வேறு யாராவது கூப்பிட்டால், ஏற்கெனவே உங்கள் வழியாகப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சென்ற வாரம் பேசும்போது, சி.எம்.எம். இயக்கத் தெரிந்த, புரோகிராமும் எழுதக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். என்னுடன் முன்பு வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். வரைபடத்தைப் பார்த்ததும் எந்த டேட்டமை முதலில் பிடிக்க வேண்டும், எங்கே புரோப் இடிக்கும் என்று சொல்லிவிடுவார். பேச்சு குறைவு, அதனால் நேர்முகத்தில் முதல் பத்து நிமிடம் சுமாராகத்தான் தெரிவார். மெஷின் முன்னால் நிறுத்திப் பாருங்கள் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவைத்தால் நல்லது. அவரிடம் பேசிவிட்டேன், உங்களுக்கு எண்ணைக் கொடுக்கச் சம்மதம் சொன்னார். இன்னும் ஆள் தேவை என்றால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறேன். அந்த இடம் நிரம்பிவிட்டிருந்தாலும் பரவாயில்லை, அவரைத் தெரிந்துவைத்துக்கொள்வது உங்களுக்குப் பயன்படும்.

நேர்முகம் எடுத்தவர்களின் மெயில் முகவரி என்னிடம் இல்லை, உங்களைத் தாண்டி நேராகத் தொடர்புகொள்வதும் சரியாகாது. கீழே உள்ளதை அவர்களுக்கு அனுப்புவது பொருத்தம் என்று உங்களுக்குப் பட்டால் அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"ஐயா, வணக்கம். இரண்டு சுற்றிலும் பொறுமையாகப் பேசியதற்கும், முடிவோடு காரணத்தையும் சொல்லி அனுப்பியதற்கும் நன்றி. அளவீட்டைப் பற்றி நாம் பேசியதில் நீங்கள் சொன்ன ஒரு கருத்தை இங்கே எங்கள் சப்ளையர் ஒருவரிடம் பயன்படுத்திப் பார்க்கப் போகிறேன். உங்கள் புதிய பாகங்கள் நல்லபடியாகத் தொடங்க வாழ்த்துகள். பின்னால் வாய்ப்பு அமைந்தால் உங்களோடு வேலை செய்ய விரும்புகிறேன். இப்படிக்கு, சரவணன்."

பயிற்சி முடிந்ததும் ஒருமுறையும், பிராக்கெட்டுக்கு பி.பி.ஏ.பி. ஒப்புதல் வந்ததும் ஒருமுறையும் உங்களுக்குச் சுருக்கமாக எழுதுகிறேன். அப்போது ரெஸ்யூமேயையும் புதுப்பித்து அனுப்புகிறேன். அவற்றுக்கெல்லாம் பதில் போட வேண்டும் என்று இல்லை, உங்கள் வேலைப்பளு தெரியும். இடையில் தரப் பிரிவு வேலைகளில் ஏதாவது ஜாப் டிஸ்கிரிப்ஷன் புரியவில்லை என்றாலோ, ஒரு ரெஸ்யூமேயில் இருப்பது உண்மையான அனுபவமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாலோ கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் என்றால் சத்தமில்லாத இடத்தில் இருந்து பேச முடியும்.

மிக்க நன்றியுடன்,
சரவணன்

பி.கு.: முன்பு அனுப்பிய ரெஸ்யூமேயில் பழைய கைப்பேசி எண்ணும் சேர்ந்திருக்கிறது. அது இந்த மாதக் கடைசியில் நின்றுவிடும். நேற்று நீங்கள் கூப்பிட்ட எண்தான் இனி.