எப்படிப் பணம் செலுத்துகிறீர்கள்?

பொருளின் விலை: ரூ. 24,000

முழுத் தொகையும் இப்போதே: ரூ. 24,000. வட்டி இல்லை.

3 மாதத் தவணை: மாதம் ரூ. 8,000. வட்டி இல்லை, மொத்தம் ரூ. 24,000.

12 மாதத் தவணை: முதல் 11 மாதங்கள் ரூ. 2,166, கடைசி மாதம் ரூ. 2,169. ஆண்டு வட்டி 15%. மாதாமாதம் மீதமுள்ள கடனுக்கு மட்டுமே கணக்கிடப்படும். வட்டி ரூ. 1,995 சேர்த்து நீங்கள் கட்டுவது ரூ. 25,995. மாதத் தொகை சிறியதாகத் தெரிந்தாலும், மூன்றில் அதிகம் செலவாவது இதில்தான்.

முதல் தவணை அடுத்த மாதம் 5ஆம் தேதி. செயலாக்கக் கட்டணம் கிடையாது. தவணை தவறினால் ஒவ்வொரு முறையும் ரூ. 250 கூடும். கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை, மீதி மாதங்களின் வட்டியும் வராது.

[12 மாதத் தவணை – மொத்தம் ரூ. 25,995 – சம்மதம்]
[வேறு முறையைத் தேர்ந்தெடுக்கிறேன்]