சன்னலோரம் உனக்குத்தான் அம்முணி

ஏனுங்கக்கா, நம் அம்முணி கல்யாணத்துக்கான பாட்டு முழுசாக முடிந்துவிட்டது. வீடியோ 60 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பதால் அதற்குப் பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி மட்டும் போதும். ஒரு வரிக்கு நாலரை விநாடி. மீதிச் சரணங்கள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நாமெல்லாம் சேர்ந்து கும்மி அடிக்கும்போது பாடுவதற்கு.

வள்ளி கும்மிக்குக் கை தட்டுகிற அதே நடைதான். மேளம், கீபோர்டு எதுவும் வேண்டாம், நம் கை போதும். பல்லவியில் வரிக்கடைசி "அம்முணி"யை நீங்கள் பாட வேண்டாம், அதை நம் கம்பெனிச் செக்கிங் டேபிள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எடுப்பார்கள். அவளை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

பல்லவி

சன்னலோரம் உனக்குத்தான் அம்முணி – நீ
சாஞ்சு தூங்க என் தோளிருக்கு அம்முணி
மல்லிப்பூ ஒரு மொழந்தான் அம்முணி – அத
மடிச்சுப் பிரிச்சா ரெண்டிருக்கு அம்முணி

சரணம் 1

ஊத்துக்குளி ஏறி வருவே ஏழரை பஸ்ஸில – உன்
ஒத்தப் பையி எடம் புடிக்கும் சன்னலோரத்தில
ஆரு வந்து கேட்டாலும் அசைய மாட்டயே – "அட
ஆளு வருதுங்க"ன்னு சொல்லித் தடுத்து வெப்பயே

(பல்லவி)

சன்னலோரம் உனக்குத்தான் அம்முணி – நீ
சாஞ்சு தூங்க என் தோளிருக்கு அம்முணி
மல்லிப்பூ ஒரு மொழந்தான் அம்முணி – அத
மடிச்சுப் பிரிச்சா ரெண்டிருக்கு அம்முணி

வீடியோவுக்குப் பாட்டு இதோடு முடிகிறது. முதல் சரணத்தில் "ஆளு வருதுங்க" என்பதைப் பாட்டாக இழுக்காமல், பஸ்ஸில் நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி பேச்சாகவே சொல்லுங்கள். அவள் குரல் அதில் கொஞ்சம் கெஞ்சும், ஆனால் பையின் மேல் வைத்த கையை எடுக்க மாட்டாள். உங்களுக்குத் தெரியும், நீங்களே ஒருநாள் நின்றுகொண்டு வந்தவர்தானே.

இத்தனை வருஷமாக அந்த சன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்தது நான். அவள் முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள், நினைத்தால் தினமும் அவளே சன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கியிருக்கலாம். நான் ஏறியதும் நகர்ந்து உள்பக்கம் போகாமல், எழுந்து நின்று என்னை உள்ளே விட்டுவிட்டுத்தான் உட்காருவாள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் காசு இல்லை. அதற்கு முன்னால் என்னிடம் சில்லறை இல்லாத நாளெல்லாம் இரண்டு டிக்கெட்டாக அவள்தான் எடுத்தாள். அதையும் எழுதிப் பார்த்தேன். காசுக் கணக்கு போடுகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். சீட்டு ஒன்றே போதும். அதனால்தான் பல்லவி "உனக்குத்தான்" என்று தொடங்குகிறது. அந்தச் சொல்லை அழுத்திப் பாடுங்கள்.

சரணம் 2

பெல்லடிச்சா ஒருமணிக்கு டப்பா தொறப்போம் – ஒரு
பிடி அரிசியும்பருப்பு மாத்தித் திம்போம்
உங்கம்மா காச்சுன நெய் மணக்கும் கையில – அது
ஒட்டக்கூடாதேன்னு நிப்போம் பைப்படியில

இது சிரித்துக்கொண்டே பாட வேண்டிய சரணம். வெள்ளைத் துணிப் பீஸில் எண்ணெய்க் கறை பட்டால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்துக்காரர்கள், அவர்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. பாட்டு நிற்கக் கூடாது.

சரணம் 3

சனிக்கெழம சம்பளத்தக் கையில வாங்கி – நாம
சத்திப்பூவு ஒரு மொழம் ஸ்டாண்டில வாங்கி
பல்லில் நாரு கடிச்சு நீயும் பிரிச்சுத் தருவயே – பெரிய
பாதி எது பாத்து என்ற தலையில் வெப்பயே

மடித்துப் பிரித்தால் இரண்டும் சமம்தானே, பெரிய பாதி எங்கிருந்து வந்தது என்று தங்கச்சி கேட்டாள். அவள் மடிக்கிற கணக்கில் எனக்கு எப்போதும் ரெண்டு கண்ணி கூடத்தான் வரும். பல்லவியில் வருகிற பூவும் இந்தப் பூதான்.

சரணம் 4

பேசாம இருந்தோமே பதினோரு நாளு – நீ
பேருக்குக்கூடப் பாக்கலியே திரும்பி ஒரு நாளு
ஆனாலும் அந்தப் பையி எடம் விடலியே – என்
அழுகையத்தான் சன்னல்காத்து காட்டிக் குடுக்கலியே

இந்தச் சரணத்துக்குக் கை தட்ட வேண்டாம். தட்டை நிறுத்தி, வெறும் குரலில் மெதுவாக. சண்டை எதற்கு என்று எழுதவில்லை, எழுதவும் மாட்டேன், தப்பு என் மேல். அந்தப் பதினோரு நாளும் பஸ் வந்து நின்றால் சன்னலோரத்தில் அவள் பை இருந்தது. நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுந்து வழி விடுவாள். பன்னிரண்டாம் நாள் நான்தான் அவள் தோளில் சாய்ந்து தூங்குகிற மாதிரி நடித்தேன். அவளும் எழுப்பவில்லை. பல்லவியில் "தோளிருக்கு" என்று வருவது அந்த நாளைத்தான்.

அவளுக்கு இந்தச் சரணம் இருப்பது தெரியாது. ஒத்திகைக்கு அவள் வந்தால் இதை விட்டுவிட்டுப் பாடுங்கள்.

சரணம் 5

தாராபுரம் மருமகளாத் தாண்டிப் போறயே – அங்க
தண்ணி ஓடும் அமராவதி பாக்கப் போறயே
நோம்பிக்கு நீ வாரயின்னா ஒரு சொல்லு போதும் – அன்னிக்கி
நூறு பேரு நின்னாலும் என் பையி போதும்

(பல்லவி, எல்லாரும், வேகமாக)

சன்னலோரம் உனக்குத்தான் அம்முணி – நீ
சாஞ்சு தூங்க என் தோளிருக்கு அம்முணி
மல்லிப்பூ ஒரு மொழந்தான் அம்முணி – அத
மடிச்சுப் பிரிச்சா ரெண்டிருக்கு அம்முணி

ஐந்தாம் சரணத்தை அழுகிற மாதிரி பாட வேண்டாம். பெண் அழைத்துப் போகிற பாட்டு என்றாலே எல்லாரும் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இது அந்தப் பாட்டு இல்லை. நம் தடத்துப் பஸ் தாராபுரம் போகாது, ஆனால் அவள் அம்மா வீடு இங்கேதானே இருக்கிறது. ஆடி நோம்பிக்கு வருவாள், தைக்கு வருவாள். வந்தால் இந்தப் பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும்.

இனி வீடியோ. போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்குள் போன் எடுக்க விட மாட்டார்கள், அதனால் எல்லாம் பஸ்ஸிலும் ஸ்டாண்டிலும்தான். முதல் பல்லவிக்கு நம் கைகள் மட்டும், தட்டுகிற கைகள், நூல் ஒட்டியிருந்தால் ஒட்டியே இருக்கட்டும். சரணத்துக்குக் காலை பஸ். டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஸ்டாப்பில் சித்த நேரம் கூட நிறுத்துவார். இரண்டாவது பல்லவியில் பூ: அவள் கையும் என் கையும் நாரின் இரண்டு நுனியைப் பிடித்திருப்பது, அவள் கடித்துப் பிரிப்பது. பூ பிரியும் இடம் "ரெண்டிருக்கு" என்ற சொல்லில் விழ வேண்டும். அதற்கு எத்தனை முழம் ஆனாலும் வாங்கிக்கொள்ளலாம், காசு நான் தருகிறேன்.

கடைசி மூன்று விநாடிக்குப் பாட்டு கிடையாது. காலி சன்னல் சீட்டு, அதன் மேல் ஒரு பை. இந்தத் தடவை அது என் பை. வெளியே யாரோ "இங்க ஆருங்க உக்காருறாங்க?" என்று கேட்கிறார்கள். நான் முகம் காட்டாமல் சொல்கிறேன்:

"ஆளு வருதுங்க."