குடைச் சின்னம்: கவிதாவின் இரண்டு நிமிடப் பேச்சு

கவிதா,

மாணவர் மன்றத் தேர்தலுக்கு நீ கேட்ட பேச்சு கீழே இருக்கிறது. நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டாம். உன் நோட்டிலேயே பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிக்கொள். பேச்சே அந்த நோட்டைப் பற்றியதுதான், அதனால் பார்த்து வாசிப்பதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். கை நடுங்கினாலும் தெரியாது. ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் நிமிர்ந்து சொல்லப் பழகு.

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே” என்று தொடங்கும் நீளமான பட்டியலை வெட்டிவிட்டேன். உனக்கு முன்னால் பேசுகிறவர்கள் எப்படியும் சொல்வார்கள், அதிலேயே அரை நிமிடம் போய்விடும். அடைப்புக்குறிக்குள் இருப்பது உனக்கு மட்டும். பதற்றத்தில் அதையும் வாசித்துத் தொலைக்காதே!

அக்கா

(மைக் உன் உயரத்துக்கு இருக்காது. நீயே இறக்கிக்கொள். அவசரப்படாதே, அதற்குள் மூச்சும் சீராகிவிடும்.)

எல்லோருக்கும் வணக்கம். நான் கவிதா. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. என் சின்னம் குடை.

என் குரல் எப்படி இருக்கும் என்று என் வகுப்பில் பாதிப் பேருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும்.

(சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். நீயும் சிரி.)

நான் அதிகம் பேச மாட்டேன். ஆனால் எழுதி வைப்பேன்.

(நோட்டைத் தூக்கிக் காட்டு. மனதுக்குள் மூன்று எண்ணு. அப்புறம் திற.)

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து இடைவேளையில் நீங்கள் பேசிக்கொண்ட குறைகள் இதில் இருக்கின்றன. மூன்றை மட்டும் வாசிக்கிறேன்.

முதலில் தண்ணீர். கீழ்த்தளத்தில் நான்கு குழாய்கள். இரண்டில்தான் தண்ணீர் வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் முன்னால் வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. குழாயை என்னால் மாற்ற முடியாது. ஆனால் அது சரியாகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்க முடியும். அதுவரை சின்ன வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக விடச் சொல்லியும் கேட்பேன்.

(இங்கே ஒருமுறை நிமிர்ந்து ஆறாம் வகுப்பு வரிசையைப் பார். அவர்கள் கைதட்டுவார்கள்.)

அடுத்தது மராத்தி. தாராவியில் நமக்கு வீட்டில் தமிழ், 90 அடி ரோட்டில் இந்தி, பரீட்சையில் மராத்தி. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் மராத்தி விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மராத்தி நன்றாக வருகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சிலரிடம் கேட்டேன், சொல்லித்தரச் சரி என்றார்கள். செவ்வாய், வியாழன் பள்ளி விட்டதும் அரை மணி நேரம். ஒரு வகுப்பறை கேட்டு வாங்குவது என் வேலை.

மூன்றாவது, ஒரு பெட்டி. கை தூக்கிக் கேட்கப் பயப்படுகிறவள் இந்தப் பள்ளியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. நூலக வாசலில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைப்போம். எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர் முன்னால் திறப்போம். என்ன ஆயிற்று என்று பலகையில் எழுதுவேன். முடியாததை முடியாது என்றும் எழுதுவேன்.

(கடைசி வரியை மெதுவாகச் சொல். பேச்சிலேயே நல்ல வரி இதுதான்.)

சுற்றுலா, யூனிபார்ம் இல்லாத நாள், இதெல்லாமும் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது மாணவர் மன்றம் இல்லை. அதனால் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

(பின் வரிசைப் பையன்கள் ‘ஓ’ என்று சத்தம் போடலாம். பதில் சொல்லாதே. நோட்டை மூடு, அதற்குள் அடங்கிவிடுவார்கள். இனி நிமிர்ந்து.)

நன்றாகப் பேசுகிறவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நீங்கள் சொன்னதை எழுதிவைத்து, விடாமல் போய்க் கேட்க ஒருத்தி வேண்டுமென்றால், வாக்குச்சீட்டில் குடை இருக்கிறது. ஜூலை மாத மும்பையில் குடையை யாரும் மறக்க மாட்டீர்கள். நன்றி.

(நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கு. மேஜையிலேயே விட்டுவிட்டு வராதே, அடுத்துப் பேசுகிறவன் மிச்சக் குறைகளை வாசித்துவிடுவான்.)