61-ஆம் பக்கம்

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இந்தப் பக்கம் பெருமாள் அண்ணன் பாய்லர், அந்தப் பக்கம் தங்கராசு அண்ணன் பாய்லர். பெருமாள் கடையில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் நீளமான கணக்கு நோட்டு தொங்கும், கூடவே நூலில் கட்டிய மொட்டைப் பென்சில். தங்கராசு கடையில் அதே இடத்தில் ஒரு போர்டு: 'இன்று ரொக்கம், நாளை கடன்'. அதைப் படித்துவிட்டு "அப்ப நாளைக்கு வரேன்" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களை அவர் தினமும் நாலு பேராவது பார்த்திருப்பார். ஒருத்தருக்கும் பதிலுக்குச் சிரித்ததில்லை.

நான் அப்போது எதிரே இருந்த அச்சகத்தில் வேலை பார்த்தேன். வாரக் கூலி, சனிக்கிழமை. பெருமாள் நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் இருந்தது, 61. அந்த நோட்டில் பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது. 'பச்சை சைக்கிள்', 'மேஸ்திரி கூட 3', 'கண்ணாடி சார்' என்றுதான் இருக்கும். ஒரு டீக்கு ஒரு கோடு, நாலு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று, வடைக்குச் சின்னச் சுழி. வேறு யாருக்கும் புரியாது. அவருக்கு மட்டும் எந்தக் கோடு மழை பெய்த அன்று போட்டது என்றுகூடத் தெரியும்.

கடன் வாங்கினவனுக்கு ஒரு குணம் உண்டு. பாக்கி சின்னதாக இருக்கும்வரை உரிமையோடு "அண்ணே, ஸ்ட்ராங்கா" என்பான், பெரிசானதும் அந்தக் கடை வாசலையே மிதிக்க மாட்டான். ஆனால் டீ குடிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்துக் கடைக்குப் போய்க் கையில் காசு கொடுத்துக் குடிப்பான். ஆக, பெருமாள் நோட்டில் யார் பக்கமெல்லாம் நிரம்பி வழிகிறதோ அவர்களெல்லாம் தங்கராசு கடையில் ரொக்க வாடிக்கை. பெருமாளுக்கு இது தெரியும், தகரத்துக்கு அந்தப் பக்கம் இருமுகிறவன் யார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனாலும் எட்டிப் பார்த்து ஒருநாளும் கேட்டதில்லை.

என் பாக்கி 344 ரூபாய். டீ 8 ரூபாய், 43 டீ. முதலாளி மூணு வாரம் கூலியை இழுத்தடித்ததில் ஏறியது அது, அப்புறம் கூலி வந்தபோது வேறு செலவு வந்தது. நானும் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு ஓடுகிற ஆளாகிவிட்டேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

தங்கராசுவும் ஒரு காலத்தில் நோட்டு வைத்திருந்தவர்தானாம், வேறு ஊரில். கட்டட வேலைக்கு வந்த முப்பது பேர் இரண்டு மாதம் எழுதி எழுதிக் குடித்திருக்கிறார்கள், வேலை முடிந்த ராத்திரி லாரி ஏறிவிட்டார்கள். பால்காரருக்குக் கொடுக்க அவர் மனைவியின் தோடு போனது. இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. பெருமாள்தான் சொன்னார், அதுவும் "அந்தாளு அப்படி இருக்கிறதுல தப்பில்லடா" என்று முடித்தார்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் பேங்க் கிடையாது, ஏடிஎம் கிடையாது. காலையில் தங்கராசு கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் 500 ரூபாயை நீட்டினார்கள். அவர் போர்டைக் காட்டவில்லை, கையை மட்டும் அசைத்தார். நூறும் பத்தும் வைத்திருந்தவர்கள் அதை டீக்குச் செலவழிக்கத் தயாராக இல்லை. மூணாவது நாள் பத்து மணிக்கு அவர் பாலில் ஆடை தடித்துக் கிடந்தது, ஆள் இல்லை.

பெருமாள் கடையிலோ திருவிழாக் கூட்டம். பேங்க் வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள், ஏடிஎம் முன்னால் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள், கடன் என்றாலே முகம் சுளிக்கிற ஆட்கள் எல்லோரும் "எழுதிக்கங்கண்ணே" என்றார்கள். நோட்டில் பக்கம் தீர்ந்துபோய் எங்கள் அச்சகத்தில் வெட்டித் தள்ளிய துண்டுக் காகிதம் கேட்டு அனுப்பினார். நான் எடுத்துக் கட்டினேன், ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கப் பையனை அனுப்பினேன்.

கூட்டம் இருந்தது சரி, கல்லாவில் என்ன இருந்தது? காகிதம். பால்காரர் பெருமாள் போட்ட கோடுகளை வாங்கிக்கொள்வாரா?

அடுத்த செவ்வாய் விடியற்காலை. காலண்டர் சீசன் என்பதால் ராத்திரி முழுக்க மிஷின் ஓடியது, நான் மூஞ்சி கழுவ வெளியே வந்தேன். பெருமாள் அடுப்பைப் பற்றவைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பால்காரர் முந்தின நாளே சொல்லிவிட்டாராம், பழைய பாக்கி தராமல் இனி ஒரு லிட்டர் கிடையாது என்று.

தங்கராசு தன் பால் கேனைத் தூக்கித் தடுப்புக்கு மேலே நீட்டினார்.

"என்னங்க இது?"

"பாலு. எங்கிட்ட விக்கல. கெட்டுப் போறதுக்குப் பதிலா நீ காய்ச்சு."

"காசுக்கு எங்க போவேன் நான்?"

"காசு கேட்டனா? கடன் குடுக்கற வழக்கமே இல்ல எனக்கு. போர்டு தெரியுதில்ல?"

பின்னாலேயே ஒரு பிஸ்கட் டின் வந்தது, அசைத்ததும் சலசலத்தது. பத்தும் இருபதும் நூறும் சில்லறையுமாகத் தினம் தினம் டீக்கு வாங்கிச் சேர்த்தது. ஊரே சில்லறைக்கு அலைந்த நேரம், அவரிடம் ஒரு டின் நிறைய இருந்தது.

"பால்காரன் வந்தா இதக் குடு. எண்ணிக் குடு, அவன் கையில டின்ன குடுத்துறாத."

பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கராசு அதற்குள் உள்ளே போய்க் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்துவிட்டார், யாரும் குடிக்காத கிளாஸ்களை. அன்றிலிருந்து மூணு வாரத்துக்கு மேல் அவர் பால், அவர் சில்லறை, பெருமாள் நோட்டு என்று ஓடியது. தன் கடைக்கு வந்தவனையும் "காசில்லன்னா அங்க குடி" என்று கையைக் காட்டினார். போர்டை மட்டும் கழற்றவே இல்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் பெருமாள் நோட்டோடு தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் தங்கராசு பெஞ்சில்தான் இருந்தேன், எழுந்து ஓட வழியில்லை. நோட்டில் 'பக்கத்துக் கடை' என்று தலைப்புப் போட்டு ஒரு முழுப் பக்கம்: எந்தத் தேதி எத்தனை லிட்டர், எவ்வளவு சில்லறை. கூட்டி அடிக்கோடு போட்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது 61 கண்ணில் பட்டது. அவர் விரல் அங்கே நிற்கவில்லை, சாதாரணமாகத் தாண்டிப் போனது. நின்றிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

தங்கராசு பணத்தை இரண்டு தரம் எண்ணினார். பத்து ரூபாயை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கூட இருக்கு."

"கூட்டிப் பாத்துட்டேனே."

"நீ கூட்டுன லட்சணம் எனக்குத் தெரியாதா."

மறுநாள் காலை தங்கராசு கடையில் எட்டு ரூபாயை வைத்தேன். அவர் எடுக்கவில்லை, கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, டீ."

"61-ஆம் பக்கம்" என்றார். "நேத்து நானும் பாத்தேன்."

அவ்வளவுதான். நான் அச்சகத்துக்குப் போய் முதலாளியிடம் முன்பணம் கேட்டு, அவர் முனகியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, 344 ரூபாயோடு தடுப்பின் இந்தப் பக்கம் வந்தேன். பெருமாள் வாங்கிக் கல்லாவில் போட்டார். நோட்டை இறக்கி 61-ஐத் திறந்து, குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. பாய்லர் பக்கம் திரும்பி, நான் கேட்காமலேயே சர்க்கரை கம்மியாக ஸ்ட்ராங் டீ ஒன்றை ஆற்றி முன்னால் வைத்தார். பென்சில் இன்னும் கையில்தான் இருந்தது.

"இத எழுதிக்கவா?"