பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது?

எட்டாம் வகுப்பு, இருவர் குழு

கேள்வி
தண்ணீரைக் குளிர வைப்பது மண்ணா, பானையில் கசியும் ஈரமா?

எங்கள் ஊகம்
ஈரம்தான். கசிவை அடைத்தால் குளிர்ச்சியும் நின்றுவிடும்.

செய்தது
ஒரே அளவில் இரண்டு மண்பானை, ஓர் எவர்சில்வர் பாத்திரம். ஒரு பானையின் வெளிப்புறம் முழுக்க எனாமல் பெயின்ட், இரண்டு பூச்சு. மூன்றிலும் 3 லிட்டர் தண்ணீர், 33 டிகிரி. மூடி போட்டு, நிழலான திண்ணையில் 6 மணி நேரம்.

*படம் 1: பெயின்ட் காய 2 நாள் ஆனது. வாசனை போக இன்னும் 3 நாள்!*

கிடைத்தது
பூசாத பானை: 27 டிகிரி, எடை 210 கிராம் குறைந்தது
பூசிய பானை: 32.5 டிகிரி, 10 கிராம்
எவர்சில்வர்: 33 டிகிரி, 5 கிராம்

*படம் 2: பூசாத பானையின் அடிவயிற்றில் முத்து முத்தாக ஈரம். விரலால் தொட்ட தடம் தெரிகிறது.*

ஏன்?
1 கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 210 கிராமுக்கு 5 லட்சம் ஜூல். கணக்குப்படி 3 லிட்டர் தண்ணீர் 40 டிகிரி இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 6தான். காரணம், வெளிக்காற்றின் வெப்பம் பானைக்குள் வந்துகொண்டே இருக்கிறது.

மழை நாளில்
1 டிகிரிதான் இறங்கியது. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம்; ஆவியாதல் மந்தம்.

சேர்க்காதது
முதலில் வாங்கிய பானையில் விரிசல். அதன் 3 நாள் அளவுகளை விட்டுவிட்டோம்.

*படம் 3: அந்த விரிசல் பானை. இப்போது அதில் துளசி.*