மரம், கிராஃப் உலா: மூன்றாம் பருவத் தரவுக் கட்டமைப்புத் தேர்வுக்கான குறிப்புகள்

உலா பற்றிய வினாவில் இறுதி வரிசையை மட்டும் எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் கிடைப்பது அரிது. ஒவ்வொரு படியிலும் ஸ்டாக்கிலோ கியூவிலோ என்ன இருந்தது என்பதை அட்டவணையாகக் காட்டினால், இடையில் ஓர் எண் தவறினாலும் எந்த இடத்தில் தவறினோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். ஆகவே கீழே உள்ள எடுத்துக்காட்டுகளை வாசிப்பதோடு நிறுத்தாமல், விடையை மறைத்துக்கொண்டு காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

1. இருமத் தேடல் மரத்தில் உலா

45, 20, 60, 10, 30, 75, 25, 35, 70 ஆகிய எண்களை இதே வரிசையில் நுழைத்தால் கிடைக்கும் மரம் இது:

```
          45
        /    \
      20      60
     /  \       \
   10    30      75
        /  \    /
      25    35 70
```

மூன்று ஆழ உலாக்களுக்கும் வேறுபாடு ஒன்றுதான்: கணுவை அச்சிடும் நேரம். ப்ரீஆர்டரில் இரு கிளைகளுக்கும் முன்பும், இன்ஆர்டரில் இடக்கிளை முடிந்து வலக்கிளைக்குள் நுழைவதற்கு முன்பும், போஸ்ட்ஆர்டரில் இரண்டும் முடிந்த பின்பும் கணு அச்சிடப்படுகிறது. பென்சிலை வேருக்கு இடப்புறம் வைத்து மரத்தின் ஓரத்தை ஒட்டியே முழுச் சுற்று வந்தால், ஒவ்வொரு கணுவையும் இடப்பக்கம், அடிப்பக்கம், வலப்பக்கம் என மூன்று முறை தொடுவோம். முதல் தொடுதலில் எழுதினால் ப்ரீஆர்டர், இரண்டாவதில் இன்ஆர்டர், மூன்றாவதில் போஸ்ட்ஆர்டர். விடையைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழியை நான் கண்டதில்லை.

| உலா | வரிசை |
|---|---|
| ப்ரீஆர்டர் | 45, 20, 10, 30, 25, 35, 60, 75, 70 |
| இன்ஆர்டர் | 10, 20, 25, 30, 35, 45, 60, 70, 75 |
| போஸ்ட்ஆர்டர் | 10, 25, 35, 30, 20, 70, 75, 60, 45 |
| மட்ட வரிசை | 45, 20, 60, 10, 30, 75, 25, 35, 70 |

தேடல் மரத்தின் இன்ஆர்டர் எப்போதும் ஏறுவரிசையிலேயே வரும். வராவிட்டால் மரத்தையோ உலாவையோ தவறாகப் போட்டிருக்கிறோம். மட்ட வரிசை இங்கு நுழைத்த வரிசையோடு ஒத்திருப்பது தற்செயல். அதை விதியாகக் கொள்ளக் கூடாது.

தன்னழைப்பு வடிவம் மிகச் சுருக்கமானது:

```c
void inorder(struct node *t) {
    if (t == NULL) return;
    inorder(t->left);
    printf("%d ", t->data);
    inorder(t->right);
}
```

தன்னழைப்பு இல்லாமல் எழுதச் சொன்னால் ஸ்டாக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இடப்புறம் போக முடிந்த வரை கணுக்களை உள்ளே தள்ளுகிறோம். போக இடமில்லாதபோது உச்சியில் இருப்பதை எடுத்து அச்சிட்டு, அதன் வலக்கிளைக்குச் சென்று அதே வேலையைத் தொடர்கிறோம். அட்டவணையில் ஸ்டாக்கின் உச்சி வலக்கோடியில் உள்ளது.

| படி | செயல் | ஸ்டாக் | அச்சு |
|---|---|---|---|
| 1 | 45, 20, 10 தள்ளு | 45 20 10 | – |
| 2 | 10 எடு | 45 20 | 10 |
| 3 | 20 எடு. 30, 25 தள்ளு | 45 30 25 | 20 |
| 4 | 25 எடு | 45 30 | 25 |
| 5 | 30 எடு. 35 தள்ளு | 45 35 | 30 |
| 6 | 35 எடு | 45 | 35 |
| 7 | 45 எடு. 60 தள்ளு | 60 | 45 |
| 8 | 60 எடு. 75, 70 தள்ளு | 75 70 | 60 |
| 9 | 70 எடு | 75 | 70 |
| 10 | 75 எடு | வெறுமை | 75 |

மூன்றாம் படியில்தான் பலர் இடறுகிறார்கள். 20 வெளியேறிய பின் அதன் வலக்குழந்தையான 30-ஐ மட்டும் தள்ளிவிட்டு, 30-க்கும் ஓர் இடக்கிளை இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

2. உலா வரிசைகளிலிருந்து மரத்தை மீட்டல்

ப்ரீஆர்டர் 7, 4, 9, 2, 5, 8 எனவும் இன்ஆர்டர் 9, 4, 2, 7, 5, 8 எனவும் கொள்வோம். ப்ரீஆர்டரின் முதல் எண்ணான 7 வேர். இன்ஆர்டரில் அதற்கு இடப்புறம் உள்ள 9, 4, 2 இடக்கிளை, வலப்புறம் உள்ள 5, 8 வலக்கிளை. இடக்கிளையின் எண்களுள் ப்ரீஆர்டரில் முந்தி வருவது 4 என்பதால் அதுவே அக்கிளையின் வேர். 9 அதன் இடக்குழந்தை, 2 வலக்குழந்தை. வலக்கிளையில் 5 வேர். இன்ஆர்டரில் 8 அதற்குப் பின்னால் வருவதால் 8 வலக்குழந்தை. போஸ்ட்ஆர்டர் 9, 2, 4, 8, 5, 7 எனக் கிடைக்கும்.

ப்ரீஆர்டரும் போஸ்ட்ஆர்டரும் மட்டும் தரப்பட்டால் மரம் ஒன்றே என்று உறுதி சொல்ல முடியாது. மேலே 8 என்பது 5-இன் இடக்குழந்தையாக இருந்தாலும் அவ்விரு வரிசைகளும் மாறுவதில்லை.

3. கிராஃப் உலா

திசையற்ற கிராஃப்; 7 முனைகள், 8 விளிம்புகள்: 1–3, 1–6, 2–3, 2–7, 3–5, 4–7, 5–6, 5–7. அண்டை முனைகளை ஏறுவரிசையில் எடுப்பதாக விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் அந்த ஏற்பாடு மாறினால் சரியான விடையும் மாறும்.

| முனை | அண்டை முனைகள் |
|---|---|
| 1 | 3, 6 |
| 2 | 3, 7 |
| 3 | 1, 2, 5 |
| 4 | 7 |
| 5 | 3, 6, 7 |
| 6 | 1, 5 |
| 7 | 2, 4, 5 |

அகல உலா, 1-இலிருந்து

| எடுத்தது | புதிதாகச் சேர்ந்தவை | கியூ |
|---|---|---|
| 1 | 3, 6 | 3 6 |
| 3 | 2, 5 | 6 2 5 |
| 6 | இல்லை | 2 5 |
| 2 | 7 | 5 7 |
| 5 | இல்லை | 7 |
| 7 | 4 | 4 |
| 4 | இல்லை | வெறுமை |

வரிசை: 1, 3, 6, 2, 5, 7, 4. முனை கியூவில் சேரும் கணத்திலேயே அதைப் பார்த்ததாகக் குறிக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் குறிப்போம் என்றால் 3, 6 இரண்டின் வழியாகவும் 5 இருமுறையும், 2, 5 இரண்டின் வழியாகவும் 7 இருமுறையும் கியூவுக்குள் வந்துவிடும்.

விளிம்புகளுக்கு எடை இல்லாதபோது இந்த உலா மிகக் குறுகிய தொலைவையும் தருகிறது: 3, 6 ஆகியவற்றுக்கு 1; 2, 5 ஆகியவற்றுக்கு 2; 7-க்கு 3; 4-க்கு 4. எட்வர்ட் மூர் 1959-இல் இம்முறையை வெளியிட்டதும் புதிர்ப்பாதையில் குறுகிய வழியைக் கண்டறியும் பொருட்டுத்தான்.

ஆழ உலா, 1-இலிருந்து

ஒரு முனைக்குள் நுழையும்போதும் அதை முடித்துத் திரும்பும்போதும் கடிகாரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறோம்.

| முனை | வந்த வழி | நுழைவு | முடிவு |
|---|---|---|---|
| 1 | – | 1 | 14 |
| 3 | 1 | 2 | 13 |
| 2 | 3 | 3 | 12 |
| 7 | 2 | 4 | 11 |
| 4 | 7 | 5 | 6 |
| 5 | 7 | 7 | 10 |
| 6 | 5 | 8 | 9 |

வரிசை: 1, 3, 2, 7, 4, 5, 6. வந்த வழியாகப் பயன்பட்ட 6 விளிம்புகள் போக எஞ்சிய 3–5, 1–6 இரண்டும் பின்விளிம்புகள். பின்விளிம்பு ஒன்று இருந்தாலே கிராஃபில் சுற்று உண்டு, சான்றாக 1–3–2–7–5–6–1.

ஸ்டாக் கொண்டு எழுதும்போது, அண்டை முனைகளை ஏறுவரிசையில் தள்ளி, எடுக்கும்போது குறித்தால் பெரிய எண் உச்சியில் நிற்பதால் 1, 6, 5, 7, 4, 2, 3 என்ற வேறு வரிசை வரும். அதுவும் முறையான ஆழ உலாதான். ஆனால் தன்னழைப்பு தரும் வரிசையே வேண்டுமெனில் இறங்குவரிசையில் தள்ள வேண்டும்.

அண்டைப் பட்டியல் இருந்தால் இரு உலாக்களுக்கும் ஆகும் நேரம் `O(V + E)`. அண்டை அணி என்றால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு முழு வரிசையைப் பார்க்க வேண்டியிருப்பதால் `O(V^2)`. கிராஃப் துண்டுகளாகப் பிரிந்திருந்தால் ஒரே தொடக்கத்தில் எல்லா முனைகளையும் அடைய முடியாது. பார்க்கப்படாத முனை எஞ்சியிருக்கும் வரை அங்கிருந்து உலாவை மறுபடி தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கிய முறைகளின் எண்ணிக்கையே இணைந்த கூறுகளின் எண்ணிக்கை.