ஸ்டாஃப் நர்ஸ்கள் தேவை: 45 படுக்கை மருத்துவமனை, புதுக்கோட்டை

எங்கள் மருத்துவமனையில் ஒன்பது ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்கள் காலியாக உள்ளன. ஐ.சி.யூ.வுக்கு மூன்று பேர், பொது வார்டுக்கு நான்கு பேர், பிரசவ அறைக்கு இரண்டு பேர் தேவை. எம்.ஆர்.பி. தேர்வில் தேர்வாகிச் சிலர் அரசுப் பணிக்கும், சிலர் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். ஐ.சி.யூ.வில் இரண்டு படுக்கைகளையும் கூட்டியிருக்கிறோம். ஏப்ரல் 1 முதல் வேலை தொடங்கும்.

"சம்பளம் தகுதிக்கேற்ப", "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்றெல்லாம் இதில் எழுதவில்லை. பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்த பிறகு தொகையைக் கேட்டு முகம் வாடித் திரும்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டோம். எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஒத்துவந்தால் வாருங்கள்.

யார் வரலாம்

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்கள். பதிவு எண் இன்னும் கைக்கு வராதவர்கள் வந்த பின் விண்ணப்பியுங்கள். எண் இல்லாதவரைத் தனியாக டியூட்டியில் விடமாட்டோம். ஏ.என்.எம். படித்தவர்களுக்கு இந்தப் பணியிடங்கள் பொருந்தாது. வார்டுக்கும் ஐ.சி.யூ.வுக்கும் ஆண் செவிலியர்களும் வரலாம், பிரசவ அறைக்குப் பெண்கள் மட்டும். வார்டுப் பணியிடங்கள் நான்கில் இரண்டு, படிப்பு முடித்து இப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கு. ஐ.சி.யூ.வுக்கும் பிரசவ அறைக்கும் இரண்டு வருட அனுபவம் கட்டாயம்.

ஷிஃப்ட்

காலை 7.30 முதல் 2 வரை, மதியம் 1.30 முதல் இரவு 8 வரை, இரவு 7.30 முதல் மறுநாள் காலை 8 வரை. ஷிஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்த அரை மணி நேரம் ஹேண்ட் ஓவருக்கு, அதுவும் டியூட்டி நேரத்தில் சேர்த்திதான்.

இரவு ஷிஃப்ட் பன்னிரண்டரை மணி நேரம் என்பதை மறைக்க விரும்பவில்லை, அது கஷ்டம்தான். அதனால் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடுவதில்லை. மூன்றாவது இரவு முடிந்து காலையில் கிளம்பினால் அன்றும் மறுநாளும் வரவேண்டாம். சாதாரண மாதத்தில் ஆறு இரவு வரும். இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் லீவில் போனால் ஒன்பது வரை ஏறியதுண்டு. ரிலீவர் வர அரை மணிக்கு மேல் தாமதமானால் அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

எத்தனை நோயாளிகள் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பீர்கள். பொது வார்டில் 25 படுக்கை. பகலில் மூன்று நர்ஸ்கள், இரவில் இரண்டு பேரும் ஒரு உதவியாளரும். ஐ.சி.யூ.வில் ஆறு படுக்கை. பகலில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகள், இரவில் மூன்று. டெங்கு காலத்தில் வார்டு நிரம்பி, கூடுதல் கட்டிலும் போடுவோம். அந்த வாரங்களில் உட்கார நேரம் கிடைக்காது.

என்ன தெரிந்திருக்க வேண்டும்

ஐ.வி. லைன் போட, மருந்துச் சீட்டைப் படித்து டோஸ் கணக்கிட, இ.சி.ஜி. எடுக்க, கேஸ் ஷீட்டில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிய வேண்டும். டாக்டர் சொன்ன டோஸில் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கும் தைரியம் வேண்டும். அப்படிக் கேட்டதற்காக இங்கே யாரும் திட்டு வாங்கமாட்டார்கள், அதற்கு நர்சிங் கண்காணிப்பாளர் பொறுப்பு. ஐ.சி.யூ.வுக்கு வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்த அனுபவமும், இன்ஃப்யூஷன் பம்ப் பழக்கமும் தேவை. பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெபாரின் மூன்றையும் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுப்போம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. பிரசவ அறைக்கு வருபவர்களுக்குப் பார்ட்டோகிராம் போடவும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை அளவிட்டு உடனே குரல் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

நேர்காணலில் ஒரு சின்னத் தேர்வு உண்டு. உதாரணமாக: 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், 20 சொட்டுக்கு ஒரு மி.லி. வரும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? தாளில் போட்டுக் காட்டினால் போதும். பிறகு பொம்மையில் சி.பி.ஆர். செய்யச் சொல்வோம். ஆங்கிலம் சரளமாகப் பேச வராதே என்று தயங்க வேண்டாம், எழுதினால் புரிய வேண்டும், அவ்வளவுதான். புதியவர்களுக்கு முதல் மூன்று மாதம் மூத்த நர்ஸ் ஒருவரோடு சேர்த்தே டியூட்டி. அந்தக் காலத்திலும் முழுச் சம்பளம் உண்டு.

சம்பளம்

புதியவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய். இதில் பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. சுமார் 155 பிடித்தம் போகும். இரவுப் படி ஓர் இரவுக்கு 100 ரூபாய். ஆறு இரவு பார்த்தால் கையில் சுமார் 18,600 வரும். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள வார்டு நர்ஸுக்கு 22,000 (கையில் 20,800), பிரசவ அறைக்கு 23,500 (கையில் 22,300), ஐ.சி.யூ.வுக்கு 25,000 (கையில் 23,800). அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி பிடிப்போம். சம்பளம் 5ஆம் தேதிக்குள் வங்கியில் விழும், சம்பளச் சீட்டும் தருவோம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் உயர்வு.

2016இல் மத்திய அரசின் நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் தொடக்கச் சம்பளம் அந்த அளவில்தான் நிற்கிறது. அதன் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். அரசு நிரந்தரப் பணியின் சம்பளத்தோடு இது போட்டி போடாது. எம்.ஆர்.பி. தேர்வு எழுத விரும்புபவர்களுக்குத் தேர்வன்று சம்பளத்தோடு லீவு தருகிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய்க் குழுக் காப்பீடு போடுகிறோம், ஆனால் அதில் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும்தான் சேருவார்கள், பெற்றோர் சேரமாட்டார்கள்.

லீவும் மற்றவையும்

வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 12 தற்செயல் விடுப்பு, 9 பண்டிகை விடுமுறை. பொங்கலன்று டியூட்டி விழுந்தால் இரட்டைச் சம்பளம் அல்லது மாற்று லீவு, எது வேண்டுமென்பது உங்கள் விருப்பம். பேறுகால விடுப்பு சட்டப்படி 26 வாரம். பெண்களுக்கு வாடகையில்லா விடுதி உண்டு, அறைக்கு நான்கு பேர், மெஸ் மாதம் 2,800. ஆண்களுக்கு விடுதி இல்லை. குழந்தைகள் காப்பகமும் இல்லை, சின்னக் குழந்தை உள்ளவர்கள் அதை யோசித்து வாருங்கள். இரவு டியூட்டிக்கு டிபனும் டீயும் நாங்கள் தருவோம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் எங்கள் செலவு. ஊசி குத்திவிட்டால் உடனே சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் இங்கேயே கிடைக்கும். நோயாளியின் உறவினர் கை ஓங்கினால் 2008ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிர்வாகமே போலீசில் புகார் கொடுக்கும். உங்களை ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பமாட்டோம்.

பாண்ட் கிடையாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவோம், நகல் மட்டும் எங்களிடம் இருக்கும். விலக விரும்பினால் 30 நாள் முன்னறிவிப்பு போதும். கடைசி நாளன்றே அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளக் கணக்கும் கையில் கிடைக்கும்.

எப்போது வரலாம்

2026 மார்ச் 14, 21 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 10 முதல் 1 வரை, இந்த அறிவிப்பு ஒட்டியுள்ள இதே கட்டடத்தின் முதல் மாடியில், நர்சிங் கண்காணிப்பாளர் அறைக்கு வாருங்கள். பதிவுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றும் அசலும் நகலுமாகக் கொண்டு வாருங்கள். முடிவை மூன்று நாளுக்குள், தேர்வாகாதவர்களுக்கும் சேர்த்து, தொலைபேசியில் சொல்லிவிடுவோம். வேலையில் சேரப் பணம் கட்டத் தேவையில்லை, ஏஜெண்ட் யாரையும் நாங்கள் வைக்கவில்லை.